சின்னப் படத்தைப் பெரிதாக்கிவிட்டு இன்பெயின்டிங் செய்வது ஏன், எவ்வளவு பெரிதாக்குவது

வாட்ஸ்அப்பில் நாலைந்து கை மாறி வந்த படத்தில் ஒரு ஸ்டிக்கரையோ, மூலையில் இருக்கிற தேதியையோ, குறுக்கே போகிற கயிற்றையோ இன்பெயின்டிங் செய்து, அதாவது அந்த இடத்தை மாஸ்க் போட்டு மறைத்து ஏஐ மாடலை வைத்துப் புதிதாக நிரப்பச் செய்து, எடுக்கப் பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். மாஸ்க் போட்ட இடத்தில் ஏதோ ஒன்று நிரம்பும், ஆனால் அது பக்கத்தில் இருப்பதோடு சேராது. கோடு வளையும், நிறம் அழுக்காகும், ஓரத்தில் ஒரு மங்கல் நிற்கும். உடனே நாம் பிராம்ப்ட்டை மாற்றுவோம், சீட் எண்ணை மாற்றுவோம், வேறு மாடலை இறக்கிப் பார்ப்போம். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை, படம் சின்னதாக இருப்பதில்தான் இருக்கிறது. படத்தை முதலில் சரியான அளவுக்குப் பெரிதாக்கிவிட்டு அதே வேலையைச் செய்தால் அதே மாடல், அதே பிராம்ப்ட்டில் ஒழுங்காக நிரப்பிக் கொடுக்கும்.

ஏன் அப்படி என்பதையும், எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்பதை ஊகிக்காமல் கணக்குப் போட்டு எடுப்பதையும் ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். நான் எடுத்துக்கொள்வது ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 என்கிற படம் வரையும் மாடலும், அதை ஓட்டுவதற்குப் பலர் கணினியில் இருக்கிற AUTOMATIC1111 திரையும். வேறு மாடல் வைத்திருப்பவர்களுக்கு எண்கள் மாறும், வழி மாறாது. எங்கே மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எடுத்துக்கொண்ட படம்

பவானி ஜமக்காளம் ஒன்றின் படம். அகலம் 480 பிக்சல், உயரம் 360. ஜமக்காளம் கொடியில் தொங்குகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று அகலப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன, பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய மஞ்சள் கோடு. நடுவில் வெள்ளையாக ஒரு விலை ஸ்டிக்கர். கடைக்காரர் கேட்டது இவ்வளவுதான்: "ஸ்டிக்கரை மட்டும் எடுத்துக் குடுங்க தம்பி, கோடு கலைஞ்சிறக் கூடாதுங்க." ஒரிஜினல் படம் எடுத்த போனே இப்போது இல்லை, ஆகவே பெரிய படம் கேட்டு வாங்கவும் வழியில்லை.

கோடு போட்ட துணியை வேண்டுமென்றேதான் எடுத்துக்கொண்டேன். சுவரோ வானமோ என்றால் எந்த அளவில் நிரப்பினாலும் கண் ஏமாந்துவிடும். நேர்க்கோடு அப்படியில்லை, ஒன்றிரண்டு பிக்சல் தள்ளிப் போனாலும் கண் கண்டுபிடித்துவிடும்.

முதல் வேலை அளப்பது. படத்தை ஜிம்ப்பில் திறந்து 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து, அளவுகோல் கருவியால் மூன்று அளவுகளை எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் படத்தில் ஸ்டிக்கர் 44 பிக்சல் அகலம், 30 உயரம். அகலப் பட்டை ஒவ்வொன்றும் 14 பிக்சல். மஞ்சள் கோடு 3 பிக்சல்தான். பின்னால் வருகிற கணக்கு முழுக்க இந்த 44-ஐயும் 3-ஐயும் வைத்துத்தான்.

அப்படியே செய்தால் என்ன ஆகிறது

ஸ்டேபிள் டிஃப்யூஷன் உங்கள் படத்தைப் பிக்சல் பிக்சலாக வைத்து வேலை செய்வதில்லை. முதலில் விஏஇ என்கிற பகுதி படத்தைச் சுருக்கி ஒரு கட்ட வரிசையாக மாற்றுகிறது. பக்கத்துக்கு 8 பிக்சல் கொண்ட ஒரு சதுரம் ஒரே கட்டம் ஆகிறது. அந்தச் சதுரத்தில் 64 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிற எண்கள், ஆக 192 எண்கள் இருந்தன. சுருக்கிய பிறகு மிஞ்சுவது வெறும் 4 எண்கள். பெயின்ட் அடிக்கிற வேலை முழுவதும் இந்தக் கட்டங்களின் மேல்தான் நடக்கிறது. கடைசியில் அதே விஏஇ கட்டங்களை விரித்துப் பழையபடி படமாக்கித் தருகிறது.

இப்போது நம் படத்தைப் பாருங்கள். 480-க்கு 360 என்பது கட்டக் கணக்கில் 60-க்கு 45. ஓரத்து மங்கலையும் சேர்த்து ஸ்டிக்கரை 52-க்கு 38 பிக்சல் மாஸ்க் போட்டு மறைத்தால் அது சுமார் 7-க்கு 5, அதாவது 35 கட்டம். மூன்று நான்கு பட்டைகள், நடுவே மஞ்சள் கோடுகள், துணியின் நெசவு எல்லாவற்றையும் மாடல் இந்த 35 கட்டத்துக்குள் வரைந்து காட்ட வேண்டும். மஞ்சள் கோட்டின் அகலம் ஒரு கட்டத்தில் பாதிகூட இல்லை. நாலாம் நம்பர் தடிமன் நூலை நெசவாளி கையில் கொடுத்து, அதைவிட மெல்லிய கோடு ஒன்று போட்டுத் தாருங்கள் என்று கேட்பது போலத்தான் இது. நூலின் தடிமனுக்குக் குறைந்து கோடு விழாது.

மாஸ்க்கும் இதே கட்டங்களுக்குள்தான் சுருங்குகிறது. நீங்கள் ஸ்டிக்கரின் ஓரத்தை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் மாடலுக்குத் தெரிவது கட்டம் கட்டமான ஒரு எல்லைதான். சின்னப் படத்தில் ஒரு கட்டம் முன்னே பின்னே போனால் ஸ்டிக்கரின் உயரத்தில் கால்வாசிக்கு மேல் போன கணக்கு.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. 1.5 மாடல் பழகியது 512-க்கு 512 படங்களில். அதைவிடச் சின்ன கேன்வாஸ் கொடுத்தால் மாடல் தடுமாறும். உருவங்கள் பிசைந்த மாவு மாதிரி வரும்.

முடிவு என்ன ஆகும் என்றால், 400 சதவீதத்தில் பார்க்கும்போது மஞ்சள் கோடு மேலிருந்து நேராக இறங்கி வந்து, ஸ்டிக்கர் இருந்த இடத்தில் கொஞ்சம் தடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கீழே வெளியே வரும்போது ஒன்றிரண்டு பிக்சல் தள்ளி நிற்கும். பச்சைப் பட்டைக்குள் சிவப்பு கசிந்திருக்கும். நெசவே இருக்காது, மெழுகு தடவிய மாதிரி வழவழப்பாக இருக்கும்.

இது உண்மையிலேயே விஏஇ செய்கிற வேலைதானா என்று நீங்களே பார்க்கலாம், அதற்கு மாஸ்க்கே வேண்டாம். ஸ்டிக்கர் இல்லாத நல்ல இடத்தில் பக்கத்துக்கு 128 பிக்சல் உள்ள ஒரு சதுரத்தை வெட்டி எடுங்கள். அதை சாதாரண img2img-இல் போட்டு, அளவு 128, `Denoising strength` 0 என்று வைத்து ஓட்டுங்கள். மாடல் கிட்டத்தட்ட எதுவும் வரையாது. படம் கட்டமாகச் சுருங்கித் திரும்ப விரிந்து வரும், அவ்வளவுதான். அப்படியும் மஞ்சள் கோடு அலைந்து திரிவதைப் பார்ப்பீர்கள். அடுத்து அதே சதுரத்தை 512 ஆகப் பெரிதாக்கி, அதே 0 வைத்து ஓட்டுங்கள். இப்போது கோடு கோடாகவே திரும்பி வரும். எந்த அளவில் உங்கள் படத்தின் மெல்லிய விவரம் உயிரோடு திரும்புகிறதோ அதுவே குறைந்தபட்ச அளவு. சந்தேகம் வரும்போதெல்லாம் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், என் கணக்கைவிட இதுதான் நம்பகமானது.

எவ்வளவு பெரிதாக்குவது

இரண்டு எல்லைகள் இருக்கின்றன, நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

கீழ் எல்லையைத் தீர்மானிப்பது மெல்லிய விவரம். மாஸ்க் போட்ட இடத்தின் வழியாக ஓட வேண்டிய விவரங்களிலேயே எது மெல்லியதோ அது, பெரிதாக்கிய பிறகு ஒரு கட்டத்தையாவது, அதாவது 8 பிக்சலையாவது நிரப்ப வேண்டும். 12 இருந்தால் நிம்மதி, ஏனென்றால் கோடு கட்டத்தின் எல்லையில் சரியாக உட்காரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நம் கோடு 3 பிக்சல். 8-ஐ 3-ஆல் வகுத்தால் 2.7, 12-ஐ வகுத்தால் 4. ஆக மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது, நான்கு மடங்கு நல்லது.

மேல் எல்லையைத் தீர்மானிப்பது மாடலின் ஜன்னல். 1.5 ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கக்கூடியது பக்கத்துக்கு 512 பிக்சல். அந்த ஜன்னலில் மாஸ்க் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டால், சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்த்து நிரப்ப மாடலுக்கு இடமில்லை. ஆகவே மாஸ்க்கின் நீளமான பக்கத்தை இரட்டிப்பாக்கி அதனால் 512-ஐ வகுங்கள். நமக்கு 52-இன் இரட்டிப்பு 104. 512-ஐ 104-ஆல் வகுத்தால் 4.9. அதற்கு மேல் போகக் கூடாது.

கீழே 2.7, மேலே 4.9. நான்கு மடங்கு என்று முடிவு செய்கிறோம். படம் 1920-க்கு 1440 ஆகும், மாஸ்க் 208-க்கு 152 ஆகும், மஞ்சள் கோடு 12 பிக்சல் ஆகும். முன்பு 35 கட்டத்துக்குள் திணறிய வேலைக்கு இப்போது 26-க்கு 19, அதாவது 494 கட்டம் கிடைக்கிறது.

பெரிதாக்குவதுதானே நல்லது, பத்து மடங்கே ஆக்கிவிடலாமே என்று தோன்றும். ஆக்கிப் பாருங்கள்: மாஸ்க் மட்டுமே 520 பிக்சல் ஆகி ஜன்னலுக்கே அடங்காமல் போகும். ஜன்னலில் தெரிகிற கொஞ்சநஞ்ச இடமும் ஒரே சிவப்பு மங்கலாக இருக்கும், ஏனென்றால் இல்லாத விவரத்தை விரித்து வைத்திருக்கிறோம். மாடல் அதைப் பார்த்து, இது ஃபோகஸ் இல்லாத ஏதோ படம் என்று எடுத்துக்கொண்டு மங்கலையே நிரப்பும், அல்லது கம்பளம் என்று நினைத்துப் பூவோ முடிச்சோ போட்டு வைக்கும். ஜன்னலையே 1920 ஆக்கிவிடலாம் என்றால் அதுவும் வேண்டாம். பழகிய அளவைவிட ரொம்பப் பெரிய கேன்வாஸில் 1.5 ஒரே பொருளை இரண்டு தடவை வரையும் பழக்கம் உள்ளது, போதாததற்கு கிராபிக்ஸ் கார்டின் மெமரியும் தாங்காது. படத்தைப் பெரிதாக்குவதும் ஜன்னலைப் பெரிதாக்குவதும் வேறு வேறு. ஜன்னலை 512-லேயே நிறுத்திவிட்டு, பெரிய படத்தில் வேண்டிய இடத்தை மட்டும் அதன் வழியாகப் பார்க்க வைப்பதுதான் நாம் செய்யப் போவது.

பெரிதாக்கும் முறை

கட்டளை வரியில் இமேஜ்மேஜிக் இருந்தால் ஒரே வரி:

```
magick jamakkalam.png -filter Lanczos -resize 400% jamakkalam_4x.png
```

ஜிம்ப்பிலேயே செய்தாலும் சரி. இது வெறும் கணக்கு முறை, புதிதாக எதையும் கண்டுபிடித்துப் போடாது, படம் மென்மையாக இருக்கும். இன்னொரு வழி `Extras` பகுதியில் இருக்கிற `R-ESRGAN 4x+` மாதிரியான அப்ஸ்கேலர். பட்டைகளின் ஓரம் கத்தி மாதிரி வரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் துணிக்கு அதை நான் தனியாகப் பயன்படுத்த மாட்டேன். ஜமக்காளத்தின் நெசவு மேடும் பள்ளமுமாக இருப்பதை அது வழித்து எடுத்துவிட்டு, பெயின்ட் அடித்த பலகை மாதிரி ஆக்கிவிடும், சில இடங்களில் இல்லாத இழைகளையும் போடும். வாங்குகிறவர் படத்தை நம்பித்தான் காசு அனுப்புகிறார். அவர் பார்க்கிற நெசவு தறியில் இருந்து வந்ததாக இருக்க வேண்டும். லான்க்சோஸ் ரொம்பவும் மங்கலாகத் தெரிந்தால் `Upscaler 1` இடத்தில் `R-ESRGAN 4x+`, `Upscaler 2` இடத்தில் `Lanczos` வைத்து, `Upscaler 2 visibility` 0.5 கொடுங்கள். இரண்டும் பாதிப் பாதி கலந்து வரும், மாடலுக்கும் பிடிமானம் கிடைக்கும்.

பெரிதாக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஜேபெக் படம் தன்னளவில் பக்கத்துக்கு 8 பிக்சல் உள்ள சதுரங்களாகத்தான் சேமிக்கப்படுகிறது. கை மாறி மாறி வந்த படத்தில் அந்தச் சதுரங்களின் ஓரம் லேசாகத் தெரியும். நான்கு மடங்கு பெரிதாக்கினால் அவை 32 பிக்சல் சதுரங்களாக நிற்கும், மாடல் அதையும் துணியின் டிசைன் என்று நினைத்து உள்ளே நீட்டி வரையும். சதுரங்கள் கண்ணில் பட்டால் பெரிதாக்கும் முன்பே லேசாக நாய்ஸ் குறைக்கும் ஃபில்டர் ஒன்றை ஓட்டிவிடுங்கள்.

இனிமேல் இடையில் சேமிப்பதெல்லாம் பிஎன்ஜி-யாக இருக்கட்டும்.

மாஸ்க்

பெரிய படத்தை img2img-க்குள் இருக்கிற `Inpaint` பகுதியில் போட்டு ஸ்டிக்கரை மறையுங்கள். ஸ்டிக்கரோடு நின்றுவிடாதீர்கள். வெள்ளை ஸ்டிக்கர் சிவப்புப் பட்டையின் மேல் ஒட்டியிருக்கிறது என்றால் அதன் ஓரத்தைச் சுற்றி வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். ஜேபெக் நிறத்தைப் பெரும்பாலும் பாதி அளவில்தான் சேமிக்கிறது, அதனால் வருவது. அதைவிட்டு மாஸ்க் போட்டால் மாடல் அந்த ரோஸைச் சுற்றுப்புறம் என்று நம்பிவிடும், ஸ்டிக்கர் போன பிறகும் அதன் நிழல் மாதிரி ஒரு கட்டம் நிற்கும். பழைய அளவில் பக்கத்துக்கு 4 பிக்சல், நான்கு மடங்கில் 16 பிக்சல் தாராளமாக வெளியே தள்ளி மறையுங்கள். மேலே 44-க்குப் பதில் 52 என்று கணக்கில் எடுத்தது இதற்காகத்தான். ஸ்டிக்கர் துணியின் மேல் போட்டிருக்கிற உண்மையான நிழல் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து மறைக்க வேண்டும்.

அமைப்புகள்

`Inpaint area` என்ற இடத்தில் `Only masked` தேர்ந்தெடுங்கள். இதுதான் நான் சொன்ன ஜன்னல். மாஸ்க்கைச் சுற்றியுள்ள இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, நீங்கள் கொடுத்த அகல உயரத்துக்கு மாற்றி, நிரப்பி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து ஒட்டிவிடும். `Width`, `Height` இரண்டும் 512.

சுற்றுப்புறம் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதை `Only masked padding, pixels` சொல்கிறது. அதில் 32 என்று இருக்கும், புதிதாக வருகிறவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். அது உங்கள் படத்தின் பிக்சலில் எண்ணுகிறது என்பதை மறக்காதீர்கள். 480 அகலப் படத்தில் 32 என்பது இரண்டு பட்டைக்கு மேல்; 1920 அகலப் படத்தில் அரைப் பட்டை. அதாவது படத்தைப் பெரிதாக்கிவிட்டு இதை அப்படியே விட்டால் நாம் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் பிடுங்கிக்கொள்கிறோம். நமக்கு 208-இன் இரு பக்கமும் சேர்த்து 512-ஐ எட்ட வேண்டும், ஆகவே பக்கத்துக்கு 152. அப்படிக் கொடுத்தால் வெட்டி எடுக்கும் இடம் கிட்டத்தட்ட 512 பிக்சலாக இருக்கும். பெரிதாக்கலோ சுருக்கலோ அதிகம் இல்லாமல் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றாகப் போய்த் திரும்பும். உயரத்தில் குறைகிறதை திரையே சமன் செய்து சதுரமாக்கிக்கொள்ளும்.

`Mask blur`-உம் அதே மாதிரி பிக்சல் கணக்குதான். 4 என்று இருப்பதை 10 பக்கம் ஏற்றுங்கள், இல்லையென்றால் ஓரம் வெட்டி ஒட்டியது மாதிரி தெரியும்.

`Masked content` இடத்தில் `fill`. `original` வைத்தால் ஸ்டிக்கரின் வெள்ளையை அடிப்படையாக வைத்துத்தான் வரைய ஆரம்பிக்கும், வெளிறிய ஒரு சதுரம் மிஞ்சும். இன்பெயின்டிங்குக்கு என்றே பழக்கிய 1.5 மாடல் இருந்தால் அதையே போடுங்கள். அது மாஸ்க்கையும் மறைத்த படத்தையும் தனித்தனியாக உள்ளே வாங்கிக்கொள்கிறது, அதனால் `Denoising strength` 0.9-க்கு மேல் கொடுத்தாலும் சுற்றுப்புறத்தைப் பார்த்தே வரையும். சாதாரண மாடல் அந்த அளவில் தன் போக்கில் போய்விடும், அதற்கு 0.75 பக்கம் வைத்து இரண்டு மூன்று தடவை ஓட்ட வேண்டியிருக்கும்.

பிராம்ப்ட்டில் எதை எடுக்க வேண்டும் என்று எழுதாதீர்கள். ஸ்டிக்கர் என்ற சொல் உள்ளே போனால் புது ஸ்டிக்கர்தான் வரும். அங்கே என்ன இருக்க வேண்டுமோ அதை எழுதுங்கள்:

```
striped handwoven cotton rug, flat weave, straight vertical stripes
```

நான்கு படங்கள் வருகிற மாதிரி வைத்து ஓட்டிவிட்டு, கோடுகள் மேலும் கீழும் ஒட்டி நிற்கிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஏதோ ஒரு கோடு மட்டும் சரியில்லை என்றால், அந்தப் படத்தையே திரும்ப உள்ளே போட்டு அந்தக் கோட்டுக்கு மட்டும் சின்னதாக மாஸ்க் போட்டு இன்னொரு தடவை ஓட்டலாம். அப்போது மாஸ்க் சின்னதாகிவிட்டதால் `padding`-ஐ மறுபடி கணக்குப் போட்டு ஏற்ற வேண்டும்.

Only masked இருக்கும்போது படத்தைப் பெரிதாக்குவது எதற்கு

நியாயமான கேள்வி. அதுதான் வெட்டி எடுத்துப் பெரிதாக்கிக்கொள்கிறதே, நாம் தனியாகப் பெரிதாக்குவானேன்? ஸ்டிக்கர் ஒன்றுதான், ஒரே தடவையில் முடிந்துவிடும், கடைசிப் படமும் அதே 480-தான் என்றால் சின்னப் படத்திலேயே `Only masked` போட்டு, `padding`-ஐ 38 பக்கம் வைத்து ஓட்டினால் கிட்டத்தட்ட இதே பலன் வரும். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தத் திரை செய்கிற பெரிதாக்கல் நிலைக்காது. நிரப்பி முடித்ததும் 52 பிக்சலுக்குச் சுருக்கித்தான் ஒட்டுகிறது. நீங்கள் இரண்டாவது தடவை திருத்தப் போனால், சுருங்கிப்போன அந்த 52 பிக்சலைத் திரும்ப விரித்துத்தான் ஆரம்பிக்கும். மூன்று நாலு தடவை இப்படிப் போய்வந்தால் நிரப்பிய இடம் மட்டும் துவைத்துத் துவைத்து வெளுத்தது போல ஆகிவிடும். மாஸ்க்கும் அப்படித்தான், 44 பிக்சல் ஸ்டிக்கரின் மேல் தூரிகையை ஓட்டும்போது ஒரு பிக்சல் கை தவறினாலே மஞ்சள் கோட்டில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. ஆகவே ஒன்றுக்கு மேல் திருத்தம் இருந்தாலோ, பெரிய படமே கடைசியில் வேண்டும் என்றாலோ, முதலில் நிரந்தரமாகப் பெரிதாக்கிவிட்டு எல்லா வேலையையும் அந்த அளவிலேயே முடித்து, சுருக்குவதைக் கடைசியில் ஒரே ஒரு தடவை செய்யுங்கள்.

திரும்பச் சுருக்குவதும் சரிபார்ப்பதும்

நான்கு மடங்குப் படத்தில் நிரப்பிய இடம் சுற்றியுள்ள இடத்தைவிடக் கூர்மையாகத் தெரியலாம். சுற்றியிருப்பது விரித்த மங்கல், உள்ளே இருப்பது புதிதாக வரைந்தது, அப்படித்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், பழைய அளவுக்குச் சுருக்கும்போது 16 பிக்சல் சேர்ந்து ஒன்றாவதால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

```
magick fixed_4x.png -filter Lanczos -resize 25% fixed_1x.png
```

கடைக்காரருக்கு இன்னும் கொஞ்சம் பெரிய படம் வேண்டும் என்றால் 25-க்குப் பதில் 50 கொடுத்து 960-க்கு 720 ஆக எடுக்கலாம். வித்தியாசம் அதில் இன்னும் தெரிந்தால் நிரப்பிய இடத்துக்கு மட்டும் அரைப் பிக்சல், ஒரு பிக்சல் என்று லேசாக பிளர் கொடுங்கள், மொத்தப் படத்தையும் கூர்மைப்படுத்தப் போகாதீர்கள்.

480-லேயே முடிக்கிறீர்கள் என்றால் ஜிம்ப்பில் ஒரிஜினல் படத்தைக் கீழ் லேயராகவும், திருத்திச் சுருக்கியதை மேல் லேயராகவும் வைத்து, ஸ்டிக்கர் இருந்த இடத்தை மட்டும் தெரிய விடுங்கள். மற்ற எல்லாப் பிக்சலும் கேமரா எடுத்தபடியே இருக்கும். அப்புறம் மேல் லேயரை அணைத்து அணைத்துப் போட்டுப் பாருங்கள்: மஞ்சள் கோடு இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கிறதா, பட்டையின் நிறம் மாறாமல் இருக்கிறதா. பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி ஒரு தடவை பாருங்கள். நிறம் கண்ணை மயக்குகிற இடத்தில் வெளிச்ச வித்தியாசம் இருந்தால் கறுப்பு வெள்ளையில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கணக்கு ஒத்துவராதபோது

சில படங்களில் கீழ் எல்லை மேல் எல்லையைத் தாண்டிவிடும். உதாரணத்துக்கு ஜமக்காளத்தின் மேல் 150 பிக்சல் நீளத்துக்கு ஒரு பாலிதீன் கவர் கிடக்கிறது, கோடு 2 பிக்சல்தான் என்று வையுங்கள். கோட்டுக்காக நான்கு மடங்காவது வேண்டும், ஜன்னலோ 512-ஐ 300-ஆல் வகுத்தால் 1.7 மடங்குக்கு மேல் இடம் கொடுக்காது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நான்கு மடங்கே வைத்துக்கொண்டு மாஸ்க்கைத் துண்டு போட்டு, நல்ல துணி தெரிகிற ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே உள்ளே நகர்வது. ஒவ்வொரு துண்டும் முடிந்த பிறகு அது அடுத்த துண்டுக்குச் சுற்றுப்புறம் ஆகிவிடும். ஆனால் முதல் துண்டில் கோடு அரைப் பிக்சல் சாய்ந்தாலும் கடைசித் துண்டில் அது பெரிதாகி நிற்கும், அதனால் கோட்டின் திசையிலேயே நகராமல் இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேருங்கள்.

இன்னொரு வழி பெரிய ஜன்னல் உள்ள மாடல். எஸ்டிஎக்ஸ்எல் பழகியது 1024-இல், ஆகவே கணக்கில் 512 இருக்கும் இடத்தில் 1024 போட்டுக்கொள்ளுங்கள். மேல் எல்லை இரட்டிப்பாகி 3.4 ஆகிவிடும், நான்குக்கு இன்னும் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் போட வேண்டிய துண்டுகள் குறையும். கட்டத்தின் அளவு அதிலும் 8 பிக்சல்தான், அதனால் கீழ் எல்லை மாறாது. ஃப்ளக்ஸ், எஸ்டி 3 மாதிரி பின்னால் வந்த மாடல்களில் ஒரு கட்டத்துக்கு 4 எண்களுக்குப் பதில் 16 எண்கள் இருக்கின்றன, மெல்லிய கோட்டை அவை கொஞ்சம் நன்றாகவே தாங்கும். அவற்றில் 12-க்காக அலையாமல் 8 பிக்சலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படத்தில் மறைத்த இடத்தை நிரப்பித் தருகிற லாமா என்கிற கருவியை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அதற்குப் போடாதீர்கள். அது டிஃப்யூஷன் மாடல் இல்லை. அதைப் பழக்கியது 256 பிக்சல் துண்டுகளில். ஓட்டை பிக்சல் கணக்கில் பெரிதாகப் பெரிதாக நடுவில் கோடு மங்கிக் கரைந்துபோகும். அதற்குப் படத்தை அதன் சொந்த அளவிலேயே கொடுங்கள். நேர்க்கோட்டுத் துணியில் சின்ன ஸ்டிக்கர் என்றால் பல நேரம் லாமாவே போதும், முதலில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு அது சறுக்கினால் மட்டும் டிஃப்யூஷனுக்கு வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

முகங்களுக்கு மட்டும் இதில் எதுவும் பொருந்தாது. கோயில் நோன்பிக் கூட்டத்தில் 20 பிக்சல் அகலத்தில் தெரிகிற ஒரு முகத்தின் மேல் கயிறு குறுக்கே போகிறது என்றால், எட்டு மடங்கு பெரிதாக்கி நிரப்பினால் மூக்கும் கண்ணும் தெளிவாகத்தான் வரும், ஆனால் அது அந்த ஆளின் முகம் இல்லை. அந்த மாதிரிப் படத்தில் கயிறு முகத்தைத் தொடுகிற இடத்துக்கு முன்பே மாஸ்க்கை நிறுத்திவிட்டு, முகத்தின் மேல் இருக்கிற அந்தத் துண்டுக் கயிற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.